கிலோ 240 ரூபாய் டஸ்டும் 360 ரூபாய் டஸ்டும்: ஒரு டம்ளர் கணக்கு

எங்கள் வீட்டில் நான்கு பேர். அம்மா, நான், மனைவி, கல்லூரி போகும் பையன். நால்வரும் டீ குடிப்பவர்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரே கடையில்தான் பல வருடமாகத் தூள் வாங்குகிறோம். மாதம் ஒரு கிலோ, விலை குறைந்த சில்லறை டஸ்ட். போன தடவை கடைக்காரர், "அண்ணா, நூறு ரூபாய் கூடப் போட்டா நல்ல டஸ்ட் இருக்கு, கம்மியாப் போட்டாப் போதும்" என்றார். இதை எல்லாக் கடைக்காரரும் சொல்வார்கள். சரி, நிறுத்தே பார்த்துவிடலாம் என்று மூன்று வகையிலும் கால் கிலோ வாங்கினேன்: 240 ரூபாய் டஸ்ட், 360 ரூபாய் டஸ்ட், 460 ரூபாய் லீஃப். விலை மூன்றும் கிலோவுக்கு.

ஏற்காட்டு நண்பர் கேட்டுவிட்டுச் சிரித்தார். 1820களில் கலெக்டர் காக்பர்ன் காலத்திலேயே காப்பி ஏறிய மலை அது. அதன் அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு நீலகிரித் தூளை நிறுக்கிறாயே என்றார். என்ன செய்வது, எங்கள் வீட்டில் காப்பி விருந்தாளிக்குத்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டஸ்ட், லீஃப் என்பதெல்லாம் தரத்தின் பெயர் இல்லை, துகளின் அளவு. இயந்திரத்தில் நசுக்கிச் சுருட்டிக் காயவைத்த தேயிலையைச் சல்லடையில் பிரிக்கிறார்கள். பெரிய குருணை பி.ஓ.பி. போன்ற லீஃப் வகை, பொடிப்பொடியானது எஸ்.ஆர்.டி., எஸ்.எஃப்.டி. போன்ற டஸ்ட் வகை. மூட்டையில் ஒரே எழுத்து இருந்தாலும் தோட்டமும் பறித்த பருவமும் வேறானால் தூள் வேறுதான். அதனால்தான் ஒரே கடையில் இரண்டு டஸ்டுக்கு நடுவே 120 ரூபாய் வித்தியாசம்.

பையனின் நண்பனிடமிருந்து 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு இரவல் வந்தது. முதல் வாரம் எழுதிய கணக்கு மொத்தமும் வீண். மூன்று தூளும் ஏறக்குறைய ஒரே கறுப்பாக இறங்கின, மேலே எண்ணெய் மாதிரி ஒரு ஏடு மிதந்தது. எனக்குப் பிடிபடவில்லை. அம்மாதான் சொன்னார்: "போர் தண்ணிலயாடா போடற? அதுல எல்லா டீயும் ஒரே மாதிரிதான் இருக்கும்." மேட்டூர்த் தண்ணீர் வராத நாட்களில் போர் தண்ணீரை எடுத்திருந்தேன். உப்புத் தண்ணீரில் டீ நிறம் கறுத்து, சுவை மழுங்கிவிடும். அதன்பிறகு சோதனைக்கெல்லாம் குடத்தில் பிடித்த காவிரித் தண்ணீர் மட்டும்.

இரண்டாம் வாரம் ஒழுங்காகத் தொடங்கினேன். தேயிலையைச் சுவைத்துப் பார்ப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு முறை உண்டு. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள், கொதித்த தண்ணீரை ஊற்றி 6 நிமிடம் மூடி வைத்து வடிகட்டுவது. அதற்கான பீங்கான் சாமான் இல்லை, மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர்தான். வடித்த சாற்றில் 50 மில்லி வீதம் வெள்ளைக் கோப்பைகளில் ஊற்றி ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்தேன். மலிவு டஸ்ட்தான் வெளிறியிருந்தது. அடர்த்தியான கோப்பையில் சிரிஞ்சால் தண்ணீர் சேர்த்துச் சேர்த்து, மலிவு டஸ்டின் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். நல்ல டஸ்டுக்கு 20 மில்லி பிடித்தது. லீஃபுக்கு 8 மில்லி. அதாவது நல்ல டஸ்டில் 50 மில்லி 70 ஆனது. மலிவு டஸ்டைப்போல் 1.4 மடங்கு இறங்குகிறது நல்ல டஸ்ட். மலிவில் 10 கிராம் போடும் இடத்தில் நல்லதில் 7 கிராம் போதும், லீஃபில் எட்டரை.

நிறம் மட்டும் ஸ்ட்ராங் ஆகிவிடாது. கறுப்பாக இறங்கி நாக்கில் ஒன்றும் இல்லாத டீயும் உண்டு. சாயம் ஏற்றிய தூள் என்றால் நிறக் கணக்கே பொய்யாகிவிடும். அதைத் தெரிந்துகொள்ள ஈரமான வெள்ளை டிஷ்யூவில் மூன்றிலும் ஒரு சிட்டிகை தூவினேன். சாயமிருந்தால் உடனே சிவப்பாகவோ மஞ்சளாகவோ கோடு இழுக்கும். மூன்றிலும் அப்படி இல்லை. ஆனால் முன்பு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வாங்கி அலமாரியில் மறந்துபோன ஒரு சின்னப் பொட்டலத்தையும் சும்மா தூவிப் பார்த்தேன். அரை நிமிடத்தில் ஆரஞ்சு வட்டம் விழுந்தது. அது குப்பைக்குப் போனது.

பிறகு அடுப்படி. 300 மில்லி தண்ணீர், 180 மில்லி பால், கொதித்து வற்றியபின் நான்கு டம்ளர். டஸ்ட் இரண்டுக்கும் தூள் போட்டபின் 3 நிமிடக் கொதி, லீஃபுக்கு 5 நிமிடம். குருணை பெரிதாக இருப்பதால் சாறு இறங்க நேரம் வேண்டும். எந்த டம்ளரில் எது என்று சொல்லாமல் அம்மாவிடம் கொடுத்தேன். 10, 7, எட்டரை என்ற அளவில் மூன்றுமே அவருக்குச் "சரியான கெட்டி". ஆனால் மலிவு டஸ்டைக் குடித்துவிட்டு, "இது நாக்குல புடிக்குது" என்றார். துவர்ப்பு வேறு, இது அடிக்கும் கசப்பு. 3 நிமிடத்தைத் தாண்டினால் அந்தக் கசப்பு இன்னும் ஏறியது.

இப்போது விலை. மலிவு டஸ்ட் 10 கிராம் 2 ரூபாய் 40 காசு, டம்ளருக்கு 60 காசு. நல்ல டஸ்ட் 7 கிராம் 2 ரூபாய் 52 காசு, டம்ளருக்கு 63 காசு. கிலோவில் 120 ரூபாயாக இருந்த வித்தியாசம் டம்ளரில் 3 காசாகச் சுருங்கிவிட்டது. லீஃப் மட்டும் 98 காசு. கடைக்காரர் சொன்னது உண்மைதான், ஆனால் அவர் சொன்ன அளவுக்கு லாபமும் இல்லை என்று எழுதி நோட்டை மூடினேன்.

மூடியது அவசரம். மனைவி வரிசையாகப் பார்த்துவிட்டு, "ஏங்க, பாலை ஏன் கணக்குல எடுக்கல?" என்றார். நாங்கள் வாங்கும் பால் லிட்டர் 50 ரூபாய். 180 மில்லிக்கு 9 ரூபாய், டம்ளருக்கு 2 ரூபாய் 25 காசு. தூளைப்போல் நாலு மடங்கு! அதுவும் எல்லா நாளும் 180 இல்லை. மலிவு டஸ்டின் கசப்பை மறைக்க அவர் கை தானாகக் கொஞ்சம் கூடுதலாகப் பால் ஊற்றுமாம். தேநீரின் துவர்ப்பையும் கசப்பையும் பாலின் புரதம் மட்டுப்படுத்தும், அதனால் அந்தக் கை தப்பில்லை. இரண்டு நாள் அவருக்குத் தெரியாமல் அளந்தேன், 200 மில்லி. நல்ல டஸ்டில் எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தோம். அதே 7 கிராம், 150 மில்லி பால், 330 தண்ணீர். பையன் ஒன்றும் கவனிக்கவில்லை. அம்மா, "இன்னைக்கு டீ நல்லா இருக்கு" என்றார்.

அந்தக் கணக்கைப் போட்டால், மலிவு டஸ்டில் 60 காசு தூளும் 2 ரூபாய் 50 காசு பாலுமாக 3 ரூபாய் 10 காசு. நல்ல டஸ்டில் 63 காசும் 1 ரூபாய் 88 காசுமாக 2 ரூபாய் 51 காசு. டம்ளருக்கு 59 காசு மிச்சம், மிச்சமெல்லாம் பாலில். சர்க்கரையும் கேஸும் இரண்டுக்கும் ஒன்றுதான், சேர்க்கவில்லை. பால் அதிகமாக இருந்தால்தான் பிடிக்கும் என்கிற வீட்டில் இந்தக் கணக்கு நடக்காது.

மூன்றாம் வாரம், வீடு உண்மையில் எவ்வளவு செலவழிக்கிறது என்று பார்த்தேன். நல்ல டஸ்ட் டப்பாவை ஞாயிறு இரவு நிறுத்து வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு மறுபடி நிறுத்தேன். டம்ளர் எண்ணிக்கையை அம்மா பார்த்துக்கொண்டார், ஒவ்வொரு டம்ளருக்கும் கிண்ணத்தில் ஒரு புளியங்கொட்டை. வார முடிவில் 68 கொட்டை. டம்ளருக்கு ஒன்றே முக்கால் கிராம் என்றால் 119 கிராம் போயிருக்க வேண்டும். டப்பாவில் 158 கிராம் குறைந்திருந்தது.

மீதி 39 கிராம் எங்கே? கீழே சிந்தியது அவ்வளவு இருக்காது. பார்த்தால், தனி டம்ளர்தான் வில்லன். 68இல் 11 டம்ளர் யாராவது ஒருவர் தனக்கு மட்டும் போட்டது. டப்பாவில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்பூனால் குவித்து அள்ளினால் 4 கிராம். ஒரு டம்ளருக்கும் ஒரு ஸ்பூன், அதற்குக் குறைத்து யாரும் போடுவதில்லை. அதிலேயே கூடுதலாக 25 கிராம் போய்விட்டது. மிச்சம், கொதிக்கும்போது நிறம் போதாது என்று போடும் சிட்டிகை. டஸ்டும் லீஃபும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை நிற்காது என்பதையும் அப்போதுதான் பார்த்தேன். தலைதட்டி அள்ளினால் டஸ்ட் 2.7 கிராம், லீஃப் 2.1. வகை மாற்றினால் ஸ்பூன் கணக்கையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் லீஃப் "தண்ணியா இருக்கு" என்ற பெயர் வாங்கிவிடும்.

பழைய ஸ்பூனை எடுத்துவிட்டு, இருமல் மருந்தோடு வந்த சின்ன ஸ்பூனைப் போட்டேன். தலைதட்டி ஒன்று, ஒரு டம்ளர். அடுத்த வாரம் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை டம்ளருக்கு 131 கிராம். மாதத்துக்கு 560 கிராம் வரும். இவ்வளவு நாள் பழைய தூள் தீரும் முன்பே புதுக் கிலோ வந்து, டப்பாவின் அடியில் வாசனை போன தூள் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. இனி ஒரு தடவைக்கு அரைக் கிலோதான், அது தீர்ந்தபின் அடுத்தது. டப்பாவும் அடுப்பு மேடையிலிருந்து அலமாரிக்கு மாறிவிட்டது.

நல்ல டஸ்டில் ஒரு தொல்லை உண்டு. மிகவும் பொடி என்பதால் கம்பி வடிகட்டியில் தங்காமல் டம்ளரின் அடியில் படிகிறது. பையன் கடைசி வாயைக் கொட்டிவிடுவான், அதுவும் பால்தானே. டீக்கடையில் வைத்திருப்பது மாதிரி ஒரு துணி வடிகட்டி வாங்கினேன். தினமும் அலசிக் காயப்போடாவிட்டால் புளித்த வாடை வந்துவிடுகிறது, அந்த வேலை இப்போது என் தலையில்.

லீஃப் மீதி இருக்கிறது. பாலில் அதற்கு 98 காசு கொடுப்பது வீண், அதன் வாசனை பாலில் அமுங்கிப்போகிறது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பால் விடாமல் நான் ஒருவன் குடிக்கும் டம்ளருக்கு அதுதான். அந்த டம்ளருக்கும் அம்மா புளியங்கொட்டை போட்டுவிடுகிறார், எண்ணிக்கை மறுபடி இடிக்கிறது.