அரைக் கட்டை

மே 13, 2024, திங்கள்

கோயில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டுப் பதிமூன்று நாள் ஆகிறது. புதன்கிழமை ராத்திரி எங்கள் ஊர் மெல்லிசைக் குழு மறுபடியும் மேடையேறுகிறது. 1996-இல் கலைந்தவர்கள். பழைய ஆட்களில் பாடகர், கிடார்க்காரர், கீபோர்டுக்காரர் மூன்று பேர்தான் வருகிறார்கள். பாங்கோ வாசித்தவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது.

பரணிலிருந்து 1987 கேசட்டை எடுத்து வைத்திருக்கிறேன். கோபியில் வாங்கிய டேப் ரெக்கார்டரை அப்பா மடியில் வைத்துப் பதிவு செய்தது. பி பக்கத்தில் கடைசிப் பாட்டு ‘இளைய நிலா’. எங்கள் பாடகர் அதை எஸ்.பி.பி.யை விடச் சுருதியில் அரைக் கட்டை மேலே பாடினார் என்று முப்பது வருடமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். ஆர்மோனியத்தில் வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

மே 15, புதன், இரவு 1 மணி

இப்போதுதான் வந்தேன். காதில் இன்னும் அந்தக் கிடார் கேட்கிறது. படப் பாட்டில் சந்திரசேகர் வாசித்த தொடக்கத்தை நம் ஆள் பழையபடி அவசரமே இல்லாமல் வாசித்தார். ஒவ்வொரு கம்பியும் தனியாகக் கேட்டது. முன்வரிசையில் இருந்ததால் விரலைப் பார்க்க முடிந்தது. மோதிர விரல் முழுதாக மடங்கவில்லை. அந்த வேலையையும் நடுவிரலே செய்தது. ஒரு சுரம்கூட விடவில்லை.

பாடகர் விஷயத்தில்தான் மனசு கனத்துவிட்டது. சுருதியை நன்றாக இறக்கியிருக்கிறார்கள், வேகமும் குறைவு. சரணத்தில் ஒரே மூச்சில் போகும் வரியை இரண்டாக வெட்டினார். பாங்கோவுக்குப் பதில் ரிதம் பேட். தாளம் தப்பவில்லை, ஆனால் பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் அந்த அண்ணன் தோலை உள்ளங்கையால் அழுத்தி ஒரு சத்தம் கொண்டுவருவார். அந்த இடம் வெறுமனே கடந்து போனது.

முடிந்ததும் கீபோர்டுக்காரரிடம் போனேன். “ஏனுங்ண்ணா, சுருதி ஒரு கட்டை இறக்கிட்டீங்களா?” என்றேன். “இல்லீங் தம்பி, அரைக் கட்டைதானுங். இங்க பாருங்” என்று கீபோர்டைக் காட்டினார். -1, அதாவது ஒரு சுரஸ்தானம், அரைக் கட்டை என்றுதான் இருந்தது. “அன்னைக்கு எதுலீங்ண்ணா பாடுனார்?” “ரெக்கார்டுல இருக்கற சுருதிதானுங். மேல ஏத்துனதே இல்லீங்.”

மே 16, வியாழன்

போனில் பிடித்து வந்த பாட்டையும் கேசட்டையும் ஆர்மோனியத்தில் ஒப்பிட்டேன். சரியாக இரண்டு சுரஸ்தானம், அதாவது ஒரு கட்டை வித்தியாசம். அவர் சொன்னது அரைதான். மீதி அரை எங்கே போயிற்று?

கேசட்டை ஏ பக்கம் முதலிலிருந்து ஓட்டினேன். முதல் இரண்டு பாட்டும் படத்துச் சுருதியிலேயே இருக்கின்றன. பி பக்கம் திருப்பியதும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. கடைசிப் பாட்டில் அரைக் கட்டை ஏறி நிற்கிறது. எந்தப் பாடகரும் இப்படி ஒரே சீராக ஏறிக்கொண்டே போக மாட்டார். அப்போதுதான் பேட்டரி ஞாபகம் வந்தது. பேட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகியிருக்கும், நாடா மெதுவாக நகர்ந்தபடியே பதிவாகியிருக்கும். அதை இப்போது சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு வேகமாகவும் மேல் சுருதியிலும்தான் கேட்கும்.

இதைச் சோதிக்கக் கேசட்டிலேயே ஒரு சாட்சி இருந்தது. பாட்டுக்குப் பாட்டு நடுவில் ஆம்பிளிஃபயரின் ‘ம்ம்’ என்ற இரைச்சல். கரெண்ட் 50 ஹெர்ட்ஸ், இரைச்சல் அதைப்போல் இரண்டு மடங்கு, 100. அதிர்வெண் காட்டும் செயலியைப் பக்கத்தில் வைத்தேன். ஏ பக்கத் தொடக்கத்தில் 100 காட்டியது. ‘இளைய நிலா’வுக்கு முன்னால் 106. நூற்றுக்கு ஆறு என்றால் ஏறக்குறைய அரைக் கட்டை. கரெண்ட் ஏறி இறங்கும்தான், ஆனால் ஒரு மணி நேரத்தில் இவ்வளவு ஏறாது.

ஆக, நேற்று அவர் இழந்தது என்று நான் நினைத்ததில் பாதியை அவர் பெற்றிருக்கவே இல்லை. வேகம் குறைந்ததாகத் தோன்றியதும் பெரும்பாலும் கேசட்டால்தான். ஆனால் மூச்சு விஷயம் அப்படி இல்லை. நாடா எந்த வேகத்தில் ஓடினாலும் மூச்சு எடுத்த இடம் மாறாது. 1987-இல் அந்த வரியில் மூச்சே இல்லை, நேற்று இருந்தது. அறுபத்தெட்டு வயதில் அரைக் கட்டை மட்டும் இறக்கி அந்தப் பாட்டைப் பாடிய மனிதரைப் பற்றி நேற்று எழுதியதை அடிக்காமல் விடுகிறேன், ஆனால் அது தப்பு.

மே 19, ஞாயிறு

மகன் கடைசிப் பாட்டைக் கணினியில் ஏற்றி, 106 காட்டிய இரைச்சல் 100-க்கு வரும்வரை வேகத்தைக் குறைத்துக் கொடுத்தான். பாடகரின் குரல் கனம் கூடி, புதன்கிழமை கேட்ட குரலுக்குக் கிட்டத்தில் வந்துவிட்டது. பாங்கோவின் அந்த அழுத்தம் முன்பைவிட நீளமாகக் கேட்கிறது.

பாட்டு தொடங்கும் முன் அப்பா பக்கத்தில் இருந்தவரிடம், “செத்த தள்ளி உக்காருங், டேப்புல கை படுது” என்பார். இத்தனை வருடம் அதைக் கொஞ்சம் கீச்சென்றே கேட்டிருக்கிறேன். இன்றைக்கு அது அப்பாவின் குரல். அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். மறுபடியும் போடச் சொன்னார்.