மகளின் உடம்பில் காபி நிறத் திட்டுகள்: நாங்கள் எண்ணத் தொடங்கியதிலிருந்து

மகள் பிறந்தபோது வலது தொடையில் ஒரு திட்டு இருந்தது. பால் தூக்கலாகப் போட்ட காபியின் நிறம். தடவினால் மேடும் இல்லை, சொரசொரப்பும் இல்லை. "மச்சம்டி, அதிர்ஷ்டம்" என்றார் என் மாமியார். நானும் விட்டுவிட்டேன். ஒன்றிரண்டு திட்டுகள் நிறையக் குழந்தைகளுக்கு இருக்கும், அதனால் ஒன்றும் இல்லை என்று பிறகு மருத்துவரும் சொன்னார்.

ஏழாம் மாதம் குளிப்பாட்டும்போது முதுகில் இரண்டு, வயிற்றில் ஒன்று கண்ணில் பட்டன. பக்கத்து கிளினிக்கில் தேமல் என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார்கள். இரண்டு மாதம் தடவியும் மாற்றமே இல்லை. தேமல் பொதுவாகத் தோலைவிட வெளுத்திருக்கும். இவளுக்கோ தோலைவிடக் கருத்த பழுப்பு. அந்த வித்தியாசம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒன்றேகால் வயதுத் தடுப்பூசிக்குப் போனபோது குழந்தை நல மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்லி, ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் நிற்க வைத்துப் பார்த்தார். ஒளி ஊடுருவும் சின்ன ஸ்கேலை ஒவ்வொரு திட்டின் மேலும் வைத்தார். அவள் நெளிந்துகொண்டே இருந்ததால் நான் கைகளைப் பிடித்துக்கொள்ள, அவர் நோட்டில் ஓர் உடம்பின் படம் வரைந்து புள்ளி வைத்தார். மொத்தம் ஒன்பது. அதில் மூன்று 5 மில்லிமீட்டர்கூட இல்லை, அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. மீதி ஆறு.

"பருவமடையாத குழந்தைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல ஆறு இருந்தா மரபணுக் கோளாறு இருக்கான்னு பார்க்கணும்மா. பருவமடைஞ்சவங்களுக்கு 15 மில்லிமீட்டருக்கு மேல இருக்கறதை எண்ணுவோம்" என்றார். அவர் சொன்ன பெயர் நியூரோஃபைப்ரோமடோசிஸ், அதில் முதல் வகை. ஏறத்தாழ மூவாயிரம் பேரில் ஒருவருக்கு வருவது. நரம்புகளில் கட்டிகள் வளரக்கூடும் என்றதும் எனக்குக் காது அடைத்துவிட்டது.

அவரே நிதானமாக விளக்கினார். ஆறு திட்டு என்பது ஒரே ஓர் அடையாளம்தான். நோயை உறுதி செய்ய இன்னொன்றும் வேண்டும். அக்குள், தொடை இடுக்கில் பொடிப் புள்ளிகள், கண்மணியைச் சுற்றிய வண்ண வளையத்தில் குட்டிக் குட்டி முடிச்சுகள், வளைந்த முழங்கால் கீழ் எலும்பு, அம்மா அப்பாவில் ஒருவருக்கு அந்த நோய், இப்படி. ஆனால் இடுக்குப் புள்ளிகள் பெரும்பாலும் மூன்று வயதுக்கு மேல்தான் தெரியும், கண் முடிச்சுகள் அதற்கும் பிறகு. ஆக, ஒன்றேகால் வயதில் வேறு எதுவும் தெரியவில்லை என்பதை வைத்து நிம்மதியடையவும் முடியாது.

மரபணு மருத்துவர் எங்கள் இருவர் தோலையும் பார்த்தார். ஒன்றும் இல்லை. "அப்புறம் எப்படிங்க குழந்தைக்கு?" என்றார் என் கணவர். இந்த நோயுள்ளவர்களில் பாதிப் பேருக்குப் பெற்றோரிடமிருந்து வராமல், புதிதாகவே மரபணுவில் மாற்றம் ஏற்படுகிறதாம். சொந்தத்தில் கல்யாணமா என்றும், குடும்பத்தில் இளவயதில் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்ததா என்றும் கேட்டார். இதே மாதிரித் திட்டுகளோடு வரும் வேறோர் அரிய கோளாறு நெருங்கிய உறவுத் திருமணங்களில் கூடுதலாம். எங்களுக்கு இரண்டும் இல்லை. லீஜியஸ் என்று இன்னொன்றும் உண்டு. திட்டு, புள்ளி எல்லாம் வரும், ஆனால் அந்த நரம்புக் கட்டிகள் வராது. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது என்பதால்தான் ரத்தப் பரிசோதனைக்கு ஒத்துக்கொண்டோம்.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. முதல் வகையேதான். எங்கள் ரத்தத்தில் அந்த மாற்றம் இல்லை. அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாதாம். நாளை இவளுக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கு வர ஐம்பது சதவீத வாய்ப்பு. நோய் லேசாக இருக்குமா, கடுமையாக இருக்குமா என்பதைப் பெரும்பாலும் இந்த முடிவை வைத்துச் சொல்ல முடியாது. எனக்கு இன்றைக்கும் கனமாக இருப்பது அதுதான்.

என் அண்ணன் தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி வற்புறுத்தினார். இவ்வளவு சின்னக் குழந்தையை மயக்கம் கொடுத்துத்தான் படுக்க வைக்க வேண்டும்; கண் பரிசோதனை சரியாக இருக்கும்வரை இப்போது தேவையில்லை என்றார் மருத்துவர். பார்வை நரம்பில் கட்டி வந்தால் அது பெரும்பாலும் ஏழு வயதுக்குள் வருவதால், கண் மருத்துவரிடம் போவதை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. மாறுகண், ஒரு கண் பிதுங்குவது, தட்டுத்தடுமாறி நடப்பது என்றால் முறை வரும்வரை காத்திருக்காமல் உடனே வரச் சொன்னார். வருடாவருடம் ரத்த அழுத்தம், உயரம், தலைச் சுற்றளவு, முதுகெலும்பு எல்லாம் பார்க்கிறார்கள்.

இப்போது அவளுக்கு நான்கு வயது. போன மாதம் தலை சீவிவிடக் கையைத் தூக்கியபோது இடது அக்குளில் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தன. தேதி போட்டு நோட்டில் எழுதிவைத்தேன்.