புகை உணரி இரவில் ஏன் கத்துகிறது?

காட்பாடி காந்தி நகரில் சித்தி வீட்டுக் கூடத்தில் இருக்கும் புகை உணரி, மார்கழி விடியற்காலையில் நிமிடத்துக்கு ஒருமுறை 'கீச்' என்று கத்தி, வெயில் ஏறியதும் அடங்கிவிடும். குளிரில் பேட்டரியின் மின்னழுத்தம் சற்றே இறங்குவதால், தீரும் நிலையிலுள்ள பேட்டரி முதலில் அந்த நேரத்தில்தான் எச்சரிக்கும். பகலில் அமைதியாக இருப்பதால் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

புதிய 9 வோல்ட் பேட்டரியைப் பொருத்தி, சோதனைப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பார்த்தோம். மறுநாளும் அதே ஒற்றைக் 'கீச்' தொடர்ந்தது. கழற்றிப் பின்புறம் பார்த்தபோது, தயாரிப்புத் தேதி 2013 என்று அச்சிடப்பட்டிருந்தது. பொதுவாக இவற்றின் ஆயுள், வாங்கிய நாளிலிருந்து அல்ல, தயாரித்த நாளிலிருந்து 10 ஆண்டுகள்தான் என்பதால், அதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

தூசியின் அடையாளம் வேறு. ஒளியால் இயங்கும் உணரியில், உள்ளறைக்குள் புகுந்த தூசியோ சிறு பூச்சியோ ஒளியைச் சிதறடிக்க, கருவி அதைப் புகையென்று கருதி முழு அபாய ஒலியையே எழுப்பும். முதலில் எங்கும் தீயில்லை என்று உறுதி செய்துகொண்டு, பிறகு மென்மையான தூரிகை பொருத்திய வேக்குவம் கிளீனரால் துளைகளைச் சுற்றி உறிஞ்சி எடுக்க வேண்டும்; தண்ணீர் படவே கூடாது. சத்தம் பொறுக்காமல் பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவதுதான் எனக்கு மிகவும் கவலையளிக்கிறது.