பூர்வகுடி யார்? காணிக்காரரை வைத்து விடை எழுதிப் பார்த்தது

மானிடவியலை விருப்பப் பாடமாக எடுத்து அம்பாசமுத்திரத்தில் கூடிப் படித்த நாங்கள், இந்தத் தலைப்பு வந்தாலே சண்டை போடுவோம். "ஆதிச்சநல்லூர்த் தாழிக் காலத்திலிருந்து தாமிரபரணிக் கரையில் ஆட்கள் இருக்கிறார்கள். அப்போ நாமும் பூர்வகுடிதானே?" என்பான் ஒருத்தன். தேர்வில் பலர் சறுக்கும் இடமும் இதுதான்.

எவ்வளவு காலமாக இருக்கிறோம் என்பது மட்டும் சர்வதேச அளவில் போதாது. 1980களில் ஐ.நா.வுக்காக பூர்வகுடிகளைப் பற்றி ஆய்வு செய்த மார்ட்டினெஸ் கோபோ தந்த விளக்கம் நான்கு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கிறது: படையெடுப்புக்கும் குடியேற்ற ஆட்சிக்கும் முந்தைய சமூகத்தோடு தொடர்ச்சி, தங்களைத் தனி மக்களாகக் கருதுவது, இன்றைய சமூகத்தில் ஆதிக்கம் இல்லாத நிலை, தங்கள் நிலத்தையும் அடையாளத்தையும் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் உறுதி. கரையில் வயல் வைத்திருக்கும் நம் ஆட்கள் மூன்றாவதிலேயே நின்றுவிடுவார்கள்.

பாபநாசம் மலையில் மயிலார், இஞ்சிக்குழி பக்கம் வாழும் பழங்குடியினரான காணிக்காரரை இதில் வைத்துப் பாருங்கள். தனி அடையாளம் தெளிவு. அவர்கள் வாழும் காடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது, அங்கே முடிவெடுப்பது வனத்துறை. ஆதிக்கம் இல்லாத நிலையும் தெளிவு. சிக்கல் முதல் அளவுகோலில்தான். அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ ஐரோப்பியர் வந்து இறங்கிய காலத்தைக் கோடு கிழித்துச் சொல்லலாம். இங்கே எந்தப் படையெடுப்பை வைத்துக் கோடு போடுவது? பாண்டியரா, நாயக்கரா, வெள்ளைக்காரரா? ஆசியாவுக்கு இந்த விளக்கம் முழுசாகப் பொருந்தாததற்குக் காரணம் இதுதான். 1989இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. கொண்டுவந்த 169ஆம் உடன்படிக்கை 'பழங்குடி மக்கள்' என்று இன்னொரு வகையையும் பக்கத்தில் வைத்தது. அதற்குப் படையெடுப்புக் கணக்கு வேண்டாம். சமூக, பண்பாட்டு, பொருளாதார நிலையில் வேறுபட்டு, தங்கள் வழக்கப்படியோ தனிச் சட்டப்படியோ வாழ்ந்தால் போதும். இரண்டு வகைக்குமே தங்களை அப்படி அடையாளம் காண்பது அடிப்படை அளவுகோல்.

நம் அட்டவணைப் பழங்குடிப் பட்டியல் வேறு சங்கதி. சட்டப்பிரிவு 342இன்படி குடியரசுத் தலைவர் அறிவிக்க வேண்டும். தானே சொல்லிக்கொண்டால் செல்லாது. தமிழ்நாட்டுப் பட்டியலில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் மாவட்டமும் தாலுகாவும் போட்டிருக்கும். காணிக்காரர் பெயரும் அப்படித்தான்.

2007 செப்டம்பர் 13 அன்று பூர்வகுடிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனம் 144 ஓட்டுகளோடு நிறைவேறியது. அதில் வரையறையே கிடையாது. எதிர்த்த நான்கு நாடுகள் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. பிறகு அவையும் ஆதரவுக்கு மாறின. இந்தியா அன்றே ஆதரித்தது. ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியர் அனைவருமே பூர்வகுடிதான் என்பது நம் அரசின் நிலைப்பாடு. எங்கள் நண்பன் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்! ஐ.எல்.ஓ.வின் பழைய 107ஆம் உடன்படிக்கையை ஏற்ற இந்தியா, 169ஐ இன்னும் ஏற்கவில்லை. 'இந்தியாவில் பூர்வகுடிகள்' என்று கேள்வி வந்தால் இந்த முரணை முதல் பத்தியிலேயே வைத்துவிட்டு, அப்புறம் காணிக்காரருக்குப் போங்கள்.