உப்புவெளிக் கடை: முதலாளி நிற்கவேண்டிய மணித்தியாலங்கள்

2025 ஜூன் 2, திங்கள்

உப்புவெளியில் ஒரு பலசரக்குக் கடை. காலை 6 முதல் இரவு 9 வரை, ஏழு நாளும் திறப்பு. காலை 6 முதல் 9 வரை பாணுக்கும் பால்மாவுக்கும் சனம் நெருக்கும். மாலை 5 முதல் 8 வரையும் அப்படித்தான். அந்த ஆறு மணித்தியாலத்துக்கும் இரண்டு பேர் வேண்டும், மற்ற ஒன்பதுக்கும் ஒருவர் போதும். ஆகவே ஒரு நாளுக்குத் தேவை 21 ஆள்-மணித்தியாலம், கிழமைக்கு 147. திறந்திருக்கும் 105 மணித்தியாலத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அங்கேயே 42 தொலைந்துவிடும்.

வேலையாட்கள் இருவர். கடைச் சட்டப்படி ஆளுக்குக் கிழமைக்கு 45 மணித்தியாலம், அதாவது ஐந்து முழுநாளும் ஒரு அரைநாளும். மொத்தம் 90. மீதி 57 முதலாளிக்கு என்று எழுதிவிடத் தோன்றும். அது சரியில்லை.

ஜூன் 3, செவ்வாய்

காலை ஆள் 6 முதல் 3 வரை, 12 மணிக்குச் சாப்பாடு. மாலை ஆள் 12 முதல் 9 வரை, 4 மணிக்கு இடைவேளை. பகல் 1 முதல் 3 வரை ஒருவர் போதும், ஆனால் இருவரும் நிற்கிறார்கள். 4 மணிக்கோ கடையில் ஒருவரும் இல்லை. மிஞ்சிய மணித்தியாலம் குறைந்த மணித்தியாலத்தை அடைக்காது. அதனால் எக்செலில் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒரு வரி போட்டு, தேவையை B-யிலும் ஆளை C-யிலும் எழுதி, ஒவ்வொரு வரியின் குறையையும் இப்படி எடுத்து, பிறகு எல்லாவற்றையும் கூட்டவேண்டும்:

```
=MAX(0,B2-C2)
```

இருவரும் முழுநாள் வரும் நாளில் விடை 7. வெறுமனே கழித்தால் வரும் 5 அல்ல. லீவுகள் எல்லாம் வேறு வேறு நாளில் விழுந்தால், அப்படிப்பட்ட நாட்கள் மூன்று. அரைநாள் லீவு விழும் நாளில் குறை 8, முழுநாள் லீவில் 13. கிழமைக்கு 63. மாலை ஆளின் இடைவேளையை 2 மணிக்கு நகர்த்தினால், காலை ஆள் அப்போது நிற்பதால், 60 ஆகும்.

ஜூன் 5, வியாழன்

இந்த 60-ஐ முதலாளியின் நேரம் என்று அப்படியே எடுத்தால் இன்னொரு பிழை. காலை ஆளின் முழுநாள் லீவில் 6 முதல் 9 வரை குறை இரண்டு பேர். மாலை ஆளின் லீவில் 5 முதல் 8 வரையும் அதே. ஒரே நேரத்தில் முதலாளி ஒருவராகத்தான் நிற்கலாம். ஆகவே அவர் நிற்பது 54. மீதி 6-க்கு வேறு ஆள் இல்லாவிட்டால் கியூ வாசலுக்கு வெளியே போகும், பாண் எடுக்க வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

கடை பூட்டியபின் காசு எண்ணும் அரை மணித்தியாலம், சாமான் எடுக்க டவுனுக்குப் போவது எல்லாம் இதில் சேரவில்லை. அவற்றைத் தனியாகக் கூட்டவேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

மாலை 5 முதல் 8 வரை, கிழமைக்கு ஆறு நாள், பகுதிநேரமாக ஒரு பெடியனைச் சேர்த்தால் அவனுடைய 18 மணித்தியாலமும் குறையிலேயே விழும், ஒன்றுகூட வீண்போகாது. 60 இப்போது 42. அவனுடைய லீவு மாலை ஆளின் லீவு நாளில் வரக்கூடாது. வந்தால் இரண்டு பேர் குறை திரும்பவும் அந்த மாலையில் வந்து நிற்கும். சரியாக வைத்தால் முதலாளிக்கு 39. மிஞ்சுவது காலை ஆளின் லீவு நாளில் 6 முதல் 9 வரை ஒரு ஆள் மட்டும். அந்த லீவைப் பள்ளிக்கூடம் இல்லாத ஞாயிறுக்கு மாற்றி, காலை நெருக்கம் உண்மையில் எவ்வளவு குறைகிறது என்று இரண்டு ஞாயிறு பில்களை மணித்தியாலவாரியாக எண்ணிப் பார்க்கவேண்டும்.