பம்பு அரையில் பம்பு

ஒரு நாள் காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் என் கைப்பேசிக்கு வந்த செய்தி இது: "பம்பு அரையில் பம்பு. உல்லே போக வேன்டாம்."

படித்த உடனே புரிந்துவிட்டது. பம்ப் அறைக்குள் பாம்பு புகுந்திருக்கிறது. யாரும் உள்ளே போகக் கூடாது. பாம்பு பிடிப்பவரை வரவழைத்து, அது வெளியேறிய பிறகு வேலையைத் தொடங்கினோம். அன்று மாலைதான் அந்தச் செய்தியை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். ஆறு சொற்களில் நான்கு பிழையாக இருந்தும், நான் எங்கும் தயங்கவில்லை. இரண்டு இடத்தில் ஒரே சொல் இருந்தும், முதலாவது பம்ப், இரண்டாவது உண்மையான பாம்பு என்று எப்படிப் பிரித்தேன்? பம்ப் அறையில் பம்ப் இருக்கிறது என்பதை யாரும் அவசரமாகத் தட்டச்சிட்டு அனுப்ப மாட்டார்கள். அடுத்து வந்த எச்சரிக்கை அந்த ஊகத்தை உறுதிப்படுத்தியது. அவர் இரு இடத்திலும் தட்டியது `pambu` என்ற அதே ஐந்து விசைகளைத்தான். கைப்பேசிக்கு இரண்டும் ஒன்றே.

நீரேற்று நிலையங்களின் பராமரிப்புப் பணியை ஒருங்கிணைப்பது என் வேலை. களத்தில் இருப்பவர்கள் ஒரு கையில் ஸ்பேனரும் மறு கையில் கைப்பேசியுமாக, கிரீஸ் படிந்த கட்டைவிரலால் தட்டச்சிடுவார்கள். எல்லோரும் பயன்படுத்துவது ஒலிப்புமுறை விசைப்பலகை, அதாவது ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் எழுத்து விழும் வகை. ஆரம்பத்தில் இந்தச் செய்திகளைப் பார்த்து, எழுதியவர்களுக்குத் தமிழ் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் தவறு. அதே ஆட்கள் பதிவேட்டில் பேனாவால் எழுதும்போது 'அறை' என்றும் 'வேண்டும்' என்றும் பிசகாமல் எழுதினார்கள். கையெழுத்தில் இல்லாத பிழை திரையில் வருகிறது என்றால், பிழை எழுதியவரிடம் இல்லை. விரலுக்கும் எழுத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

அந்த இடம் ஷிப்ட் விசைதான். ஆங்கிலத்தில் `l` ஒன்று. நமக்கு ல, ள, ழ என மூன்று. `n` ஒன்று, நமக்கு ந, ன, ண. `r` ஒன்று, நமக்கு ர, ற. எங்கள் ஆட்கள் வைத்திருந்த விசைப்பலகையில் சிறிய `l` தட்டினால் ல, பெரிய `L` தட்டினால் ள, சிறிய `r` தட்டினால் ர, பெரிய `R` தட்டினால் ற. பெரிய எழுத்துக்கு ஒவ்வொரு முறையும் ஷிப்டைத் தொட வேண்டும். அவசரத்தில் யாரும் அதைத் தொடுவதில்லை. ஆகவே ள எல்லாம் ல ஆகிறது, ண எல்லாம் ன ஆகிறது, ற எல்லாம் ர ஆகிறது. நெடிலுக்கு உயிரெழுத்தை இருமுறை தட்ட வேண்டும் என்பதால் நெடில் குறிலாகிறது. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. சில கைப்பேசிகள் வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தாமாகவே பெரிதாக்கிவிடும். அப்போது 'நாளை' என்று தொடங்க நினைத்தவருக்கு 'ணாலை' என்றும், 'ரெண்டு' என்று தொடங்க நினைத்தவருக்கு 'றென்டு' என்றும் விழும்.

பிழையின் திசை தெரிந்துவிட்டால் திரும்பி நடப்பது எளிது. அப்படி நான் படித்த ஒரு செய்தியை இங்கே முழுமையாகத் தருகிறேன்:

"ணாலை பனிக்கு ரென்டு ஆல் வேன்டும். குலாயில் தன்னி கசியுது. வேர வலி இல்லை."

'ணாலை' என்ற சொல் இருக்கவே முடியாது, ஏனென்றால் தமிழில் ண சொல்லுக்கு முதலில் வராது. ன வராது, ள வராது, ற தமிழ்ச் சொல்லின் தொடக்கமாகாது. எனவே முதல் எழுத்து ந என்பது யோசிக்காமலே கிடைக்கிறது. 'ரென்டு', 'வேன்டும்' இரண்டிலும் டகரத்துக்கு முன் ன் நிற்கிறது. டகரத்தின் இனவெழுத்து ண், றகரத்தினுடையது ன், தகரத்தினுடையது ந். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த இந்த இலக்கணம், பிழை நிறைந்த செய்தியைப் படிக்கும்போது தானாகவே வேலை செய்கிறது. மெல்லின மெய்யை எவ்வளவு தவறாகத் தட்டினாலும் பக்கத்தில் நிற்கும் வல்லினம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மிச்சம் இருப்பவை இலக்கணத்தால் தீராதவை. 'பனி', 'ஆல்', 'வலி' மூன்றுமே நல்ல தமிழ்ச் சொற்கள். ஆனால் குழாய் கசிவைச் சரிசெய்ய இரண்டு ஆலமரம் கேட்க மாட்டார். 'வேர' என்று தொடங்கி 'இல்லை' என்று முடிவதற்கு நடுவில் வலி பொருந்தாது, வழிதான் பொருந்தும். எனவே நாளை பணிக்கு இரண்டு ஆட்கள், வேறு வழி இல்லை. வினைச்சொல் இருந்தால் இன்னும் எளிது. 'கொல்' என்பதும் 'கொள்' என்பதும் சிறிய `l` தட்டும்போது ஒன்றாகிவிட்டாலும், இறந்தகாலத்தில் ஒன்று 'கொன்றார்' ஆகிறது, மற்றது 'கொண்டார்' ஆகிறது. 'வால்வு முடியாச்சு' என்று வந்தால், அது மூடியதையே குறிக்கும். முடிந்ததைச் சொல்ல நினைத்திருந்தால் 'முடிஞ்சாச்சு' என்று தட்டியிருப்பார். நெடில் தொலைந்தாலும் விகுதி தொலையவில்லை.

பின்னர் பலர் புதிய விசைப்பலகைக்கு மாறினார்கள். அது எழுத்தெழுத்தாக மாற்றுவதில்லை. சொல் முழுவதையும் பார்த்து, தன் அகராதியில் அதற்கு ஒத்து வரும் சொல்லை முன்வைக்கும், இடைவெளியைத் தட்டியதும் முதலில் இருப்பதைப் போட்டுவிடும். பிழைகள் பாதிக்கு மேல் குறைந்தன. ஆனால் எஞ்சிய பிழைகள் கண்ணுக்குத் தெரியாதவையாகிவிட்டன. 'குலாயில்' என்று வந்தால் பிழை என்று எழுத்தே கத்துகிறது. பம்புக்குப் பதில் பாம்பு வந்தால் எழுத்து மௌனமாக இருக்கிறது. "பாம்பு சூடாகிறது, பத்து நிமிடத்துக்கு மேல் ஓடவில்லை" என்று வந்த செய்தியைப் படித்து நாங்கள் சிரித்தோம். சிரிக்க முடிந்தது, ஏனென்றால் பொருள் தெளிவாக இருந்தது.

மொழியே மாறிவிடும் பிழையும் ஒன்று உண்டு. விசைப்பலகை ஆங்கிலத்தில் இருப்பதைக் கவனிக்காமல் தட்டினால், தானியங்கித் திருத்தம் தமிழ்ச் சொல்லை ஆங்கிலச் சொல்லாகப் பிடித்துக்கொள்ளும். `in the valve paarunga` என்று ஒருமுறை வந்தது. அவர் தட்டியது `intha`. கடைசிச் சொல்லின் 'உங்க' விகுதியைப் பார்த்ததும் அது தமிழ் வாக்கியம் என்று தெரிந்துவிடுகிறது. அதன்பின் முன்னால் நிற்கும் ஆங்கிலத்தை ஆங்கிலமாகப் படிக்கத் தோன்றாது. தமிழில் வினை கடைசியில் வருவதால், இப்படிப்பட்ட செய்தியை நான் வாலிலிருந்து தலைக்குப் படிக்கப் பழகிக்கொண்டேன்.

இந்தத் திறமையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வெளியேற்றுக் குழாயில் பிளாஞ்ச் இணைப்பைப் பிரித்து கேஸ்கட் மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு முன் பம்ப் அறையில் உள்ள வால்வை முழுவதும் மூட வேண்டும். மூடுவதற்கு ஒருவர் உள்ளே போனார். போல்ட்டைக் கழற்ற இன்னொருவர் வெளியே என் சொல்லுக்காகக் காத்திருந்தார். உள்ளிருந்து செய்தி வந்தது: "அரை வால்வு மூடியாச்சு."

ஷிப்ட் தட்டாத றகரம் என்று என் கண் உடனே திருத்தியது. அறை வால்வு மூடியாயிற்று. வெளியே இருந்தவருக்குக் கழற்றலாம் என்று அனுப்பினேன். இரண்டு போல்ட் தளர்ந்ததும் தண்ணீர் பீறிட்டு அவர் முகத்தில் அடித்தது. நல்லவேளையாக மற்ற போல்ட்டுகள் இறுக்கமாகவே இருந்தன. தளர்த்தியவற்றைத் திரும்ப முடுக்கிவிட்டு, முழுக்க நனைந்து வந்து நின்றார். உள்ளே இருந்தவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அறை இல்லண்ணே, அரை. பாதிதான் மூடுச்சு. வீல் அதுக்கு மேல திரும்பல. எண்ணெய் விட்டுட்டு மறுபடி சொல்றேன்னு இருந்தேன்."

அன்று அவர் எழுத்துப் பிழையே செய்யவில்லை. சரியாக எழுதப்பட்ட சொல்லை நான்தான் திருத்திப் படித்தேன். பாதி மூடியதைச் சொல்பவர் இயல்பாக 'வால்வு அரை மூடியாச்சு' என்றுதான் எழுதுவார், எனவே சொல் வரிசைப்படி என் ஊகமே வலுவானது என்று பிறகு எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அந்தக் கணக்கு சரிதான். ஆனால் தண்ணீர் சொல் வரிசையைப் பார்ப்பதில்லை. இரண்டு படிப்பும் இலக்கணத்துக்கும் சூழலுக்கும் பொருந்தும்போது, அனுபவம் அதிகம் வரும் சொல்லின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. எங்கள் செய்திகளில் 'அறை' தினமும் வரும், 'அரை' எப்போதாவது வரும். அந்த எப்போதாவது அன்றைக்கு வந்தது.

அதன்பின் எழுத்துப் பயிற்சி கொடுக்கலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். கிரீஸ் கையில் ஷிப்ட் விசையைத் தேடச் சொல்வது நடக்காத காரியம். அதற்குப் பதிலாகச் சொற்களை மாற்றினோம். திறப்பது, மூடுவது, மின்சாரம் துண்டிப்பது பற்றிய செய்திகளில், எப்படிப் பிழையாகத் தட்டினாலும் வேறு சொல்லாக மாறாத சொற்களையே பயன்படுத்துவது என்று முடிவு செய்தோம். அரைக்குப் பாதி, அறைக்கு ரூம், ஒலிக்குச் சத்தம், ஒளிக்கு வெளிச்சம். பணிக்கு வேலை என்று வைத்தோம். வேலைக்கும் வேளை என்று ஒரு பங்காளி இருப்பது பிறகுதான் ஞாபகம் வந்தது, ஆனால் அதனால் யாரும் நனையப் போவதில்லை என்று விட்டுவிட்டோம். மூடியதற்கு 'ஃபுல் குளோஸ்'. தூய தமிழ் விரும்பும் எனக்கு அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவதில் கொஞ்சம் சங்கடம் இருந்தது. கூடவே, வால்வு பற்றிய செய்தி எது வந்தாலும் நான் புரிந்துகொண்டதை வேறு சொற்களில் திருப்பி எழுதி, ஆம் என்ற பதில் வந்த பிறகே அடுத்தவருக்கு அனுப்புகிறேன்.

போன வாரம் அதே ஆள், அதே அறையிலிருந்து அனுப்பினார்: "றூம் வால்வு புல் குலோஸ்." ஐந்தாறு நொடியில் படித்துவிட்டேன். இருந்தாலும், "பம்ப் இருக்கும் இடத்தில் உள்ள வால்வு, சக்கரம் கடைசி வரை திரும்பியாயிற்று, சரிதானே?" என்று கேட்டேன். "ஆமா அன்னே" என்று பதில் வந்தது.