போன மெயிலில் சொன்னபடி

நான் அனுப்பிய மெயில்களில் இன்றும் மனதை உறுத்துவது மூன்றே வரிதான். "ஆஸ் பெர் மை லாஸ்ட் ஈமெயில்" என்று தொடங்கி, பட்டியல் வியாழக்கிழமைக்குள் வேண்டும் என்று எழுதி, 'அர்ஜென்ட்' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் அடித்திருந்தேன். சிசியில் மேலாளரும் இருந்தார். மறுநாள் வந்த பதில் ஒரே சொல்: "நோட்டட்."

பதில் போட்டவர் நன்றாகப் பேசிப் பழகிய சக ஊழியர். போனில் கூப்பிட்டேன். "நான் மெயிலே படிக்கிறதில்லைன்னு மேலாளர் முன்னாடி சொல்லிட்டீங்களே" என்றார். நான் தேதியை ஞாபகப்படுத்துவதாகத்தான் நினைத்திருந்தேன்.

அப்புறம் அந்தப் பழைய மெயிலைத் திறந்து பார்த்தேன். தேதி நாலாவது பத்தியின் நடுவில் கிடந்தது. முதல் இரண்டு கேள்விகளுக்கு அவர் பதில் போட்டிருந்தார். போன் திரையில் அதற்குக் கீழே அவர் போயிருக்கவே மாட்டார். "ஆஸ் பெர் மை லாஸ்ட் ஈமெயில்" என்ற சொற்றொடரின் சிக்கல் இதுதான். தேவையான தகவலைத் தராமல், பழைய மெயிலைத் தேடிப் போகச் சொல்கிறது. கூடவே, 'ஏற்கெனவே சொல்லிவிட்டேன், தவறு உன்னுடையது' என்றும் சொல்லிவிடுகிறது. இப்போது நான் தகவலையே மறுபடி எழுதிவிடுகிறேன்: "பட்டியல் வியாழன் மாலை 4 மணிக்குள் தேவை. வெள்ளி காலை அச்சுக்குப் போகிறது. நேரம் போதாது என்றால் புதனே சொல்லுங்கள்." காரணம் இருப்பதால் அவசரம் தானாகவே புரிகிறது.

தமிழில் ஓர் ஏகாரமோ 'தான்' என்பதோ போதும், அழுத்தம் வந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு நான் பெரிய எழுத்தை வைத்தேன். அது கத்துவதுபோல் இருக்கும் என்று 1995-லேயே ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நடத்தைக் குறிப்பு எச்சரித்திருக்கிறது. தேதியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டால் கண்ணில் படும், காதில் அறையாது.

கிண்டல் இன்னும் மோசம். 2005-இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலானோர் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தாங்கள் மெயிலில் எழுதியது கிண்டலா நிஜமா என்பதைப் படிப்பவர்கள் சுமார் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார்கள் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். கண்டுபிடித்தது 56 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 வந்துவிடும். குரலில் சொன்னபோது 73 வந்தது. எழுதும்போது நம் குரல் நமக்குள் ஒலிக்கிறது. அது மெயிலோடு போவதில்லை. அதனால் எத்தனை முறை திருப்பிப் படித்தாலும் நமக்கு நன்றாகவே தோன்றும். நான் ஒருமுறை அதைக் கோபமான குரலில், வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். அப்போது எந்த வரி குத்துகிறதோ, அதை மாற்றுகிறேன்.

அன்று போனை வைத்ததும் இன்னொரு மெயில் அனுப்பினேன். தேதியை நான் நாலாவது பத்தியில் எழுதியிருந்தேன், அது கண்ணில் படாதது என் தவறு என்று அதில் இருந்தது. சிசியில் அதே மேலாளரை வைத்தேன்.